அருவி நிலவரமா, வாடகைக் கணக்கா? – முதல் தானியக்க வேலையைத் தேர்ந்தெடுப்பது பற்றி

தென்காசியிலும் குற்றாலத்திலும் விடுதி, கடை, சிறு அலுவலகம் நடத்துகிறவர்களும், இப்போதுதான் நிரல் எழுதக் கற்கிற இளைஞர்களும் சேர்ந்து உட்கார்ந்திருக்கிற அவை இது. கையால் செய்யும் ஒரு வேலையைக் கணினியிடம் முதன்முதலாக ஒப்படைக்கப் போகிறவர், எந்த வேலையிலிருந்து தொடங்க வேண்டும் என்ற ஒரே கேள்வியை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். பெரும்பாலானோர் இந்தக் கேள்விக்கு நேரத்தை வைத்துத்தான் பதில் சொல்கிறார்கள். எந்த வேலை அதிக நேரத்தைத் தின்கிறதோ அதை முதலில் ஒப்படை என்கிறார்கள். அது பாதிப் பதில். பிழை நேர்ந்தால் அதை முதலில் பார்க்கப் போவது யார், பார்த்தபின் அதைத் திரும்பப் பெற முடியுமா என்பது மீதிப் பாதி. தொடக்கக்காரருக்கு இந்த இரண்டாம் பாதிதான் முதலில் வர வேண்டும் என்பது என் வாதம். இதைப் பொதுவாகப் பேசினால் காற்றோடு போய்விடும். ஆகவே குற்றாலத்தில் பன்னிரண்டு அறை கொண்ட ஒரு சிறு விடுதியை மனத்தில் வைத்துக்கொண்டு பேசுகிறேன். அப்படிப்பட்ட விடுதிகள் ஐந்தருவிச் சாலையிலும் பேரருவியைச் சுற்றியும் நிறையவே இருக்கின்றன.

அந்த விடுதியில் ஜூன் முதல் செப்டம்பர் வரை, அதாவது சாரல் சீசனில், தினமும் திரும்பத் திரும்ப நடக்கும் வேலைகள் மூன்று. முதலாவது, இன்று பேரருவியில் குளிக்கலாமா, ஐந்தருவியில் தண்ணீர் எப்படி, பழைய குற்றாலத்தில் தடையா என்று கேட்கும் விருந்தினர்களுக்காக வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் குழுவிலும் நிலவரம் போடுவது. இரண்டாவது, அறை இருக்கிறதா, வாடகை எவ்வளவு என்று வரும் விசாரணைகளுக்குப் பதில் எழுதுவது. மூன்றாவது, இரவில் உட்கார்ந்து அன்றைய பதிவேட்டையும் வங்கியில் வந்த யுபிஐ பணத்தையும் வரிக்கு வரி ஒப்பிட்டுக் கணக்கை நேர்செய்வது. நிரல் கற்கும் இளைஞர்களை அந்த விடுதிக்குள் விட்டால், பத்தில் எட்டுப் பேர் முதல் வேலையைத்தான் தொடுவார்கள். ஊருக்கே பயன்படும், நாலு பேர் பார்ப்பார்கள், பாராட்டுவார்கள். இரவுக் கணக்கை யாரும் பார்க்கப் போவதில்லை. ஆனால் அந்த ஒரு காரணத்துக்காகவே இரவுக் கணக்கை முதலில் எடுக்க வேண்டும் என்கிறேன்.

முதலில் நேரத்தையே பார்த்துவிடுவோம், ஏனென்றால் நேரம்கூட நினைப்பதுபோல் அருவி நிலவரத்தின் பக்கம் இல்லை. நிலவரம் போடுவதற்கு ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், நாளைக்கு மூன்று தடவை என்று வைத்துக்கொள்வோம். 120 நாள் சீசனுக்கு 30 மணி நேரம். அதைத் தானாகப் போடும் நிரலை ஒரு தொடக்கக்காரர் கற்றுக்கொண்டே எழுதி முடிக்க 30 மணி நேரமாவது ஆகும். நிரல் போட்டது சரிதானா என்று ஒவ்வொரு தடவையும் இரண்டு நிமிடம் பார்த்தால், சீசன் முழுக்க 12 மணி நேரம். ஆக, மிஞ்சுவது 18 மணி. போட்ட உழைப்பே முதல் ஆண்டில் திரும்பி வராது. இரவுக் கணக்குக்கு வருவோம். நாளைக்கு 40 நிமிடம் என்றால் சீசனுக்கு 80 மணி நேரம். நிரல் ஒப்பிட்டுவிட்டு, பொருந்தாத வரிகளை மட்டும் தந்தால், அவற்றைப் பார்க்க நாளைக்கு 10 நிமிடம், மொத்தம் 20 மணி. மிச்சம் 60 மணி. எழுதுவதற்கு அதே 30 மணி கழிந்தாலும் முதல் சீசனிலேயே 30 மணி கையில் நிற்கும். இந்த எண்கள் விடுதிக்கு விடுதி மாறும். மாறாதது ஒன்று: சேமிப்பைக் கணக்கிடும்போது சரிபார்க்கும் நேரத்தைக் கழிக்காமல் விட்டால் கணக்கே பொய்யாகிவிடும். சரிபார்க்காமல் ஓடும் ஏற்பாட்டில்தான் சேமிப்பு மிகப் பெரியதாகத் தெரியும். ஆபத்து மிகப் பெரிதாக இருப்பதும் அந்த ஏற்பாட்டில்தான்.

இனி ஆபத்தின் பக்கம். குற்றாலத்தில் அருவி நிலவரம் என்பது சுற்றுலாத் தகவல் மட்டும் அல்ல. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென்று காட்டாற்று வெள்ளம் பாய்ந்து, திருநெல்வேலியிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார். மலையில் மேலே பெய்யும் மழை கீழே குளிக்கிறவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. அருவிக்கு நீர் வந்து சேரும் இடமெல்லாம் காட்டுக்குள் இருக்கிறது. அதனால்தான் பேரருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழுந்தால் உடனே குளிக்கத் தடை போடுகிறார்கள். காலையில் தடை, மதியம் அனுமதி, மாலையில் மறுபடி தடை என்று ஒரே நாளில் மாறுவது இங்கே அதிசயம் இல்லை. ஓர் அருவியில் தடையும் அடுத்த அருவியில் அனுமதியும் ஒரே நேரத்தில் இருப்பதும் வழக்கம்தான். இப்படிப்பட்ட இடத்தில் பிழைக்கு இரண்டு முகம் உண்டு. அனுமதி இருக்கும்போது தடை என்று போட்டால் சிலர் ஏமாற்றத்தோடு திரும்புவார்கள். தடை இருக்கும்போது அனுமதி என்று போட்டால் என்ன ஆகும் என்பதை இந்த அவையில் நான் விளக்க வேண்டியதில்லை.

அந்த நிரல் எப்படிப் பிழை செய்யும் என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஆபத்து என்று பொத்தாம் பொதுவாகச் சொன்னால் இளைஞர்கள் நம்பமாட்டார்கள், நம்பவும் கூடாது. தொடக்கக்காரர் எழுதும் நிரல் பெரும்பாலும் செய்தித் தளங்களிலிருந்தோ குழுக்களில் வரும் செய்திகளிலிருந்தோ வாக்கியங்களை எடுக்கும். அதில் ‘தடை’ என்ற எழுத்துகள் இருந்தால் தடை என்றும், இல்லாவிட்டால் அனுமதி என்றும் முடிவு செய்யும். ‘தடை நீக்கம்’ என்ற தலைப்பிலும் அதே எழுத்துகள் இருக்கின்றன. சரி என்று ‘நீக்கம்’ வந்தால் அனுமதி என்று இன்னொரு விதி சேர்ப்பார். அடுத்த நாள் ‘ஐந்தருவியில் தடை நீக்கம், பேரருவியில் நீடிப்பு’ என்று ஒரே வரியில் செய்தி வரும்; இரண்டு அருவிக்கும் அனுமதி என்று நிரல் போட்டுவிடும். இதையும் திருத்தலாம். ஆனால் போன வருடச் செய்தியை யாரோ மறுபடி பகிர்ந்தால், அதில் தேதி இல்லாவிட்டால், நிரலுக்கு அது இன்றைய செய்திதான். இவை எல்லாவற்றையும்விட மோசமானது நிரல் ஒன்றும் செய்யாமல் நின்றுபோவது. மின்சாரம் போகும், இணைய இணைப்பு அறும், ரீசார்ஜ் முடியும். அப்போது கடைசியாகப் போட்ட ‘அனுமதி’ என்ற வரி ஸ்டேட்டஸில் அப்படியே நிற்கும். பார்க்கிறவருக்கு அது நின்றுபோன நிரல் என்று தெரிய வழியே இல்லை. தவறான செய்தியாவது யாராவது ஒருவரைக் கேள்வி கேட்க வைக்கும்; பழைய செய்தி புதியது போலவே அமைதியாக நம்பப்படும்.

இது தொடக்கக்காரருக்கு மட்டும் வரும் சங்கடம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் நாளிதழ், நிலநடுக்கச் செய்தியை எழுத ‘குவேக்பாட்’ என்ற நிரலை வைத்திருக்கிறது. அரசு நிலவியல் ஆய்வகம் அனுப்பும் அறிவிப்பை எடுத்துச் சில வரிகளில் செய்தியாக்கும் எளிய நிரல்தான் அது. 2014 மார்ச்சில் ஒரு நிலநடுக்கம் நிகழ்ந்து மூன்று நிமிடத்துக்குள் செய்தியை வெளியிட்டு உலகப் புகழ் பெற்றது. 2017 ஜூனில் அதே நிரல், சாண்டா பார்பராவில் 6.8 அளவில் நிலநடுக்கம் என்ற செய்தியையும் தந்தது. அப்படி எதுவும் நடக்கவில்லை. அங்கே 1925இல் நிகழ்ந்த நிலநடுக்கத்தின் இடக்குறிப்பை ஆய்வாளர்கள் பழைய தரவுத் தொகுப்பில் திருத்தியிருந்தார்கள். அந்தத் திருத்தம் புதிய அறிவிப்பாக வெளியே போயிற்று. அறிவிப்பில் ஆண்டு 2025 என்று இருந்தது. இன்னும் எட்டு ஆண்டு கழித்து வரவேண்டிய தேதியைப் பார்த்து எந்த நிருபரும் ஒரு கணம் நின்றிருப்பார். நிரல் நிற்கவில்லை, ஏனென்றால் எதிர்காலத் தேதி வந்தால் நிறுத்து என்று யாரும் அதற்குச் சொல்லியிருக்கவில்லை. பத்திரிகை செய்தியை நீக்கி விளக்கம் தந்தது. மூன்று ஆண்டு நற்பெயரோடு ஓடிய நிரல், அனுபவமுள்ள ஆசிரியர் குழு, அரசு ஆய்வகத்தின் தரவு என எல்லாம் இருந்த இடத்திலேயே இது நடந்தது. நம் முதல் நிரலிடம் இவற்றில் ஒன்றும் இருக்காது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். பொதுவெளியில் ஓடும் தானியக்கம் எல்லாமே ஆபத்து என்றால், தமிழ் விக்கிப்பீடியாவில் நடந்தது என்ன? நீச்சல்காரன் என்ற பெயரில் அறியப்படும் தமிழ்க் கணிமையாளர் உருவாக்கிய நீச்சல்பாட், தமிழ்நாட்டின் ஊராட்சிகளைப் பற்றி ஆயிரக்கணக்கான கட்டுரைகளைத் தானாக ஏற்றியது. உலகமே பார்க்கும் தளம். அது வெற்றியாகத்தானே முடிந்தது? ஆம், முடிந்தது. எப்படி முடிந்தது என்பதைப் பார்த்தால் என் வாதம் இன்னும் துல்லியமாகும். விக்கிப்பீடியாவில் தானியங்கிக்குத் தனிக் கணக்கு வேண்டும், அதற்குச் சமூகத்தின் ஒப்புதல் வேண்டும், சில மாதிரிகளைக் காட்டிக் கருத்துக் கேட்ட பிறகே மொத்தமாக ஓட்ட வேண்டும், எந்த நேரத்திலும் நிறுத்த வழி இருக்க வேண்டும். தானியங்கி செய்த ஒவ்வொரு மாற்றமும் பக்கத்தின் வரலாற்றில் பதிவாகும். பிழை தெரிந்தால் பழைய நிலைக்குத் திருப்பிவிடலாம். 2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமானபோது, இந்த வட்டாரத்தின் ஊர்களைத் ‘திருநெல்வேலி மாவட்டம்’ என்று எழுதி வைத்த எல்லாப் பட்டியல்களும் ஒரே நாளில் பழையதாகிவிட்டன. அதைக்கூட அந்தத் தளத்தில் யாரும் உட்கார்ந்து திருத்திக்கொள்ளலாம். ஆகவே பொதுவெளி என்பது மட்டும் ஆபத்து ஆகாது. திரும்பப் பெற முடியாத பொதுவெளிதான் ஆபத்து. வாட்ஸ்அப்பில் நீங்கள் போட்டதை எல்லோருக்குமாக அழிக்கலாம். ஆனால் அதற்குள் ஃபார்வர்டு ஆன பிரதிகள் அழியாது, ஸ்கிரீன்ஷாட் அழியாது, அதைப் படித்துவிட்டு அருவிக்குக் கிளம்பிப் போனவரைத் திரும்பி அழைக்கவும் முடியாது.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கூர்மையானது. தானாக வெளியிட வேண்டாம், நிரல் எழுதித் தரட்டும், ஒரு மனிதர் பார்த்து ‘சரி’ என்று அழுத்தினால் போதும், ஆபத்து நீங்கிவிடுமே என்பார்கள். குறையும், நீங்காது. லிசேன் பெயின்பிரிட்ஜ் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் 1983இல் எழுதிய ஒரு கட்டுரை, தானியக்கம் பற்றி இன்றும் படிக்கப்படுகிறது. ஆலைகளில் இயந்திரத்தைக் கண்காணிக்க மட்டும் மனிதரை உட்கார வைத்தால், இயந்திரம் எவ்வளவு ஒழுங்காக ஓடுகிறதோ அவ்வளவுக்கு அவர் கவனமும் பழக்கமும் மங்கிப்போகும் என்று அவர் காட்டினார். நம் விடுதியில் முப்பது நாள் தொடர்ந்து சரியான வரியே வந்தால், முப்பத்தொன்றாம் நாள் வரவேற்பு மேசையில் இருக்கும் தம்பி படிக்காமலே அழுத்துவார். சனிக்கிழமை மாலை, வாசலில் நான்கு கார் நிற்கும்போது அவர் படிப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமும் இல்லை. மாறாக, ஒவ்வொரு தடவையும் அவர் அருவிக்கரையில் இருக்கும் ஒருவரிடம் போனில் கேட்டு உறுதி செய்துவிட்டுத்தான் அழுத்துகிறார் என்றால், வேலை முழுவதையும் அவரே செய்கிறார். நிரல் மிச்சப்படுத்துவது தட்டச்சு செய்யும் அரை நிமிடத்தை மட்டும்தான்.

விசாரணைக்குத் தானாகப் பதில் எழுதும் இரண்டாவது வேலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரே அறையை இரண்டு குடும்பத்துக்கு உறுதி சொல்லிவிட்டால், இரவு ஒன்பது மணிக்கு ஒரு குடும்பம் குழந்தைகளோடு வாசலில் நிற்கும். வார நாள் வாடகையைச் சனிக்கிழமைக்குச் சொல்லிவிட்டால் அதையே விடுதி ஏற்க வேண்டியிருக்கும். இதில் உயிராபத்து இல்லை, ஆனால் பிழையை முதலில் காண்பவர் விருந்தினர்தான். இதுவும் முதல் வேலை ஆகாது.

மூன்றாவது வேலையை இப்போது முழுமையாக எடுத்துக்கொள்வோம். பதிவேட்டில் தேதி, அறை எண், அட்வான்ஸ், மீதி, பணமா யுபிஐயா என்ற குறிப்பு இருக்கும். வங்கி ஸ்டேட்மென்டில் தேதி, தொகை, விவரம் இருக்கும்; யுபிஐ வரவாக இருந்தால் அந்த விவரத்துக்குள் 12 இலக்கக் குறிப்பு எண் ஒன்று இருக்கும். நிரல் இரண்டையும் படித்து, புதிதாக ஒரு தாளில் மூன்று பட்டியல் எழுத வேண்டும்: இரண்டிலும் இருப்பவை, வங்கியில் மட்டும் இருப்பவை, பதிவேட்டில் மட்டும் இருப்பவை. பதிவேட்டையோ ஸ்டேட்மென்டையோ அது ஒரு எழுத்துகூட மாற்றக் கூடாது. இந்த ஒரு கட்டுப்பாட்டிலேயே பாதிப் பாதுகாப்பு கிடைத்துவிடுகிறது. நிரல் எவ்வளவு தப்பாக ஓடினாலும் அந்தத் தாளை அழித்துவிட்டு மறுபடி ஓட்டலாம். அன்றிரவே, வேண்டுமானால் பத்துத் தடவை. ஒரே கோப்பைத் தெரியாமல் இரண்டு முறை கொடுத்துவிட்டாலும் ஒவ்வொரு முறையும் தாள் புதிதாகவே எழுதப்படுவதால் தொகை இரட்டிப்பாகாது. யாருக்கும் பணம் போகாது, யாருக்கும் செய்தி போகாது. பிழையை முதலில் பார்ப்பவர் நிரல் எழுதியவர்தான்.

பிழைகள் வரும், நிச்சயம் வரும். எங்கே வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் தேதியில் வரும். ஸ்டேட்மென்டில் 05/06/2025 என்பது ஜூன் ஐந்து. கணினி அமெரிக்க அமைப்பில் இருந்தால் எக்செல் அதை மே ஆறு என்று எடுத்துக்கொள்ளும். 13/06/2025 வரும்போது பதின்மூன்றாம் மாதம் கிடையாது என்பதால் அதைத் தேதியாகவே எடுக்காமல் வெறும் எழுத்தாக விட்டுவிடும். இதைக் கண்டுபிடிப்பது எளிது: தேதி நெடுவரிசையில் சில வரிகள் வலப்பக்கம் ஒட்டியும் சில வரிகள் இடப்பக்கம் ஒட்டியும் நின்றால், இடப்பக்கம் நிற்பவை தேதியாக ஏற்கப்படாதவை, வலப்பக்கம் நிற்பவற்றில் நாளும் மாதமும் இடம் மாறியிருக்கக் கூடும். அடுத்தது குறிப்பு எண். 12 இலக்க எண்ணை எக்செல் எண்ணாக எடுத்துக்கொண்டால் நடுவே புள்ளியும் கடைசியில் E+11 என்றும் சுருக்கிக் காட்டும். முன்னால் பூஜ்யம் இருந்தால் அதை விழுங்கிவிடும். குறிப்பு எண் நெடுவரிசையைத் தொடக்கத்திலேயே ‘டெக்ஸ்ட்’ என்று அமைத்துவிட வேண்டும். மூன்றாவது நள்ளிரவு. சனிக்கிழமை இரவு வந்தவர் 12.20 மணிக்குப் பணம் அனுப்பினால், பதிவேட்டில் சனி, வங்கியில் ஞாயிறு. நான்காவது, மேசையில் சவுண்ட்பாக்ஸ் வைத்திருக்கும் விடுதிகளில் வருவது. அந்தக் கியூஆரில் விழும் பணம் சில ஏற்பாடுகளில் ஒவ்வொன்றாக வங்கிக்கு வராமல், ஒரு நாள் வசூல் மொத்தமாக ஒரே வரியில் வரும். அப்போது வங்கி ஸ்டேட்மென்டை ஒப்பிட்டுப் பயனில்லை. அந்தச் செயலியிலிருந்து பரிவர்த்தனைப் பட்டியலை எடுத்து ஒப்பிட வேண்டும்.

இவற்றில் ஒன்றைத் தனியாக எடுத்துச் சொல்ல விரும்புகிறேன். ஒரே நாளில் இரண்டு பேர் ஆளுக்கு 1,500 ரூபாய் அனுப்பியிருக்கிறார்கள், பதிவேட்டிலும் 1,500 என்று இரண்டு வரி, ஆனால் குறிப்பு எண் எழுதப்படவில்லை. எதை எதோடு சேர்ப்பது? தொடக்கக்காரரின் நிரல் முதலில் கிடைத்ததை முதலில் சேர்த்துவிட்டு, எல்லாம் பொருந்திவிட்டது என்று மகிழ்ச்சியாகச் சொல்லும். மொத்தம் சரியாகவே இருக்கும். ஆனால் அந்த இருவரில் ஒருவர் அறையைக் காலி செய்யும்போது மீதித் தொகையில் தகராறு வந்தால், நிரல் காட்டும் ஆதாரம் இன்னொருவருடையதாக இருக்கும். இங்கே ஒரு விஷயம் தெளிவாக வேண்டும். பொருந்தாத வரியை நிரல் தவறாகச் சந்தேகித்தால், மனிதர் அதைப் பார்ப்பார், பிழை தெரிந்துவிடும். பொருந்தியது என்று தவறாகச் சொல்லிவிட்டால் அந்த வரியை அதற்குப் பிறகு யாருமே பார்க்கமாட்டார்கள். எனவே ஐயம் வரும் இடத்தில் நிரல் எதையும் தானாகச் சேர்க்காமல், ‘பார்க்கவும்’ என்ற நான்காவது பட்டியலில் தள்ள வேண்டும். தொடக்கத்தில் அந்தப் பட்டியல் நீளமாக வந்தால் வருந்த வேண்டாம். பதிவேட்டில் குறிப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தை எழுதும் வழக்கத்தைக் கொண்டுவந்தால் பட்டியல் தானாகச் சுருங்கும். நிரல் எழுதப் போய், கடைசியில் பதிவேட்டில் ஒரு கட்டம் கூடுதலாக வரைவதுதான் பெரிய முன்னேற்றமாக முடிவது இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும்.

நிரல் சரியாக ஓடுகிறது என்பதை எப்படி அறிவது? நம்பிக்கையால் அல்ல, எண்ணிக்கையால். ஸ்டேட்மென்டில் 46 வரவு வரிகள் இருந்தால், ‘இரண்டிலும் இருப்பவை’, ‘வங்கியில் மட்டும் இருப்பவை’, ‘பார்க்கவும்’ ஆகிய பட்டியல்களில் சேர்த்து அதே 46 இருக்க வேண்டும். 45 வந்தால் ஒரு வரி எங்கோ விழுந்துவிட்டது. அன்றைய முடிவை ஏற்கக் கூடாது. ரூபாய் மொத்தமும் அப்படியே. அடுத்து, போன சீசனின் ஒரு வாரக் கணக்கைப் பிரதி எடுத்து, அதில் நீங்களே ஐந்து பிழைகளை விதைத்து வையுங்கள்: ஒரு தொகையில் இலக்கம் மாற்றம், ஒரு வரி நீக்கம், ஒரே தொகை இரண்டு முறை, ஒரு தேதி மாற்றம், நள்ளிரவைத் தாண்டிய ஒரு வரவு. நிரல் ஐந்தையும் பிடிக்கிறதா என்று பாருங்கள். நான்கைப் பிடித்தால் நிரல் தயார் இல்லை. அதன் பிறகும் இரண்டு வாரம் கையால் ஒப்பிடுவதை நிறுத்த வேண்டாம். இரண்டும் ஒரே விடை தருகிறதா என்று பார்த்து, வேறுபடும் ஒவ்வொரு வரியிலும் யார் சரி என்று குறித்துவையுங்கள். சில இரவுகளில் நிரல் சரியாகவும் கை தவறாகவும் இருக்கும். அப்போதுதான் அதன் மேல் வைக்கும் நம்பிக்கைக்குக் கணக்கு கிடைக்கிறது.

கடைசியாக ஒரு மறுப்பு, இளைஞர்களிடமிருந்து வருவது. மத்தளம்பாறையில் 2011 முதல் சோஹோ அலுவலகம் இயங்குகிறது. அங்கிருந்து உலகம் முழுக்கப் போகும் மென்பொருள் உருவாகிறது. அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு ஒரு லாட்ஜின் இரவுக் கணக்கைச் செய்து காட்டினால் யார் மதிப்பார்கள், நேர்காணலில் எதைச் சொல்வது என்கிறார்கள். சொல்ல நிறையவே இருக்கிறது. நான்கு மாதம் தினமும் ஓடிய நிரல், அது தவறிய இடங்களின் பட்டியல், ஒவ்வொன்றையும் எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்ற விளக்கம், கையால் செய்ததோடு ஒப்பிட்ட எண்ணிக்கை ஆகியவை உங்களிடம் இருக்கும். அருவி நிலவரத்தைத் தானாகப் போடும் நிரலைச் செய்தவரிடம் பெரும்பாலும் ஒரு ஸ்கிரீன்ஷாட்தான் இருக்கும். அது எத்தனை தடவை தவறியது என்று அவருக்கே தெரியாது, ஏனென்றால் தவறை எண்ணும் வசதி அவரிடம் இல்லை; தவறைப் பார்த்தவர்கள் அவரிடம் வந்து சொல்லவும் இல்லை. மென்பொருள் நிறுவனங்கள் புதிய வசதியை எடுத்த எடுப்பில் எல்லா வாடிக்கையாளர்களுக்கும் திறந்துவிடுவதில்லை. முதலில் தங்கள் ஊழியர்களுக்குள், பிறகு சிலருக்கு, பிறகுதான் எல்லோருக்கும். ஆயிரம் பேர் வேலை செய்யும் இடத்திலேயே இந்த ஒழுங்கு இருக்கும்போது, தனியாளாகத் தொடங்குகிறவர் அதைத் தாண்டிக் குதிக்கக் காரணமே இல்லை.

அப்படியானால் அருவி நிலவரத்தை எப்போதுமே தொடக் கூடாதா? இரண்டாவது, மூன்றாவது வேலையாக எடுக்கலாம், ஆனால் வேறு உருவில். ஒவ்வொரு வரியிலும் எந்த நேரத்து நிலவரம் என்பது இருக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் புதிய தகவல் வராவிட்டால் ‘நிலவரம் தெரியவில்லை, அருவியில் உள்ள காவலர் சொல்வதைக் கேளுங்கள்’ என்று தானாக மாற வேண்டும். அந்த மாற்றம் விடுதியின் கணினி நின்றுபோனாலும் நடக்கும்படி அமைக்க வேண்டும்; அதுதான் இதில் கடினமான பகுதி, அதைச் செய்யத் தெரியாதவரை இதைத் தொடாமலிருப்பதே நல்லது. அப்போதும் ‘அனுமதி’ என்ற சொல்லை நிரலின் வாயில் வைக்க நான் சம்மதிக்கமாட்டேன். தடை என்ற செய்தியை மட்டும் நிரல் சொல்லட்டும் என்று சிலர் யோசனை சொல்கிறார்கள். தடைச் செய்தி வராத நாளை அனுமதி என்று மக்கள் எடுத்துக்கொள்வார்கள். எனவே அதுவும் போதாது. குளிக்கலாம் என்று சொல்லும் பொறுப்பு, தண்ணீரைக் கண்ணால் பார்த்துக்கொண்டு அருவிக்கரையில் நிற்பவரிடமே இருக்கட்டும்.

விடுதி நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளையோ வேலைக்கு வந்த இளைஞரோ தானாக ஓடும் ஒன்றைச் செய்து தருகிறேன் என்று வந்தால், போன வருட ஜூன் மாதப் பதிவேட்டையும் அதே மாத ஸ்டேட்மென்டையும் பிரதி எடுத்து, விருந்தினர்களின் பெயரையும் போன் எண்ணையும் மறைத்துவிட்டுக் கையில் கொடுங்கள். சீசன் கூட்டம் தொடங்கும் முன், ஏப்ரலிலும் மேயிலும், அவர் அதில் எவ்வளவு தப்பு செய்தாலும் யாருக்கும் ஒரு ரூபாய்கூட நட்டம் வராது.